தையில் வந்த பணத்துக்கு ஆனியிலேயே தவணை

ஆடியில் நிலம் கிரயம் செய்கிறவர்கள் குறைவு. மார்கழியிலும் அப்படித்தான். ஆவணி பிறந்துவிட்டால் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் சேரும். முகூர்த்த நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் ஒதுக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் நிலத் தரகரின் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவருடைய கமிஷன் மாதம் பிறந்தால் வருகிற சம்பளம் இல்லை. பத்திரம் பதிவாகிற அன்று வரும். பேச்சு முறிந்தால் வரவே வராது.

வருமான வரிச் சட்டத்தின் நாட்காட்டிக்கு ஆடியும் தெரியாது, தையும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்ற நான்கு தேதிகள். டி.டி.எஸ் பிடித்தது போக ஒரு நிதியாண்டுக்கு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி வரும் என்றால், அந்த வரியை ஆண்டு முடிந்தபின் கட்டக் காத்திருக்க முடியாது. சம்பாதிக்கிற ஆண்டிலேயே தவணையாகக் கட்டிவர வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் மொத்தம் 45 சதவீதம், டிசம்பர் 15-க்குள் 75 சதவீதம், மார்ச் 15-க்குள் முழுவதும். இதுதான் அட்வான்ஸ் டாக்ஸ் என்கிற முன்கூட்டிய வரி. முன்பு தனிநபர்களுக்கு செப்டம்பரில் தொடங்கும் மூன்று தவணைகள்தான் இருந்தன. ஜூன் தவணை 2016-ல்தான் எல்லோருக்கும் வந்தது.

சம்பளக்காரர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. நிறுவனமே மாதாமாதம் பிடித்துவிடும். 60 வயது கடந்து, தொழில் வருமானம் ஏதும் இல்லாமல், ஓய்வூதியமும் வங்கி வட்டியும் வாங்குகிறவர்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸே கிடையாது. உத்தேச வருமானத் திட்டத்தில் கணக்குக் காட்டுகிற சிறு வியாபாரிகளும், மருத்துவர், வழக்கறிஞர் போன்ற சில தொழில்முறையாளர்களும் மார்ச் 15 அன்று ஒரே தவணையாகக் கட்டினால் போதும். ஆனால் கமிஷனும் தரகும் வாங்குகிறவர்களைச் சட்டம் வெளிப்படையாகவே அந்தச் சலுகைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. வருமானத்தில் மிகப் பெரிய மேடு பள்ளம் உள்ள ஒரு கூட்டத்துக்குத்தான் நான்கு தவணையும் முழுசாகப் பொருந்துகிறது. அதனால் இந்தக் கட்டுரைக்கு ஒரு நிலத் தரகரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

கோவைப் பக்கத்துத் தரகர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு 2025-26. புதிய வரி முறையில் இருக்கிறார். வண்டி பெட்ரோல், போன், விளம்பரம், உதவிக்கு இருக்கும் பையனின் சம்பளம் எல்லாம் கழித்த நிகர வருமானத்தை மட்டும் சொல்கிறேன். ஏப்ரலிலிருந்து ஜூன் பாதி வரை 3 லட்சம் சம்பாதித்தார். செப்டம்பர் 15 வரும்போது மொத்தம் 5 லட்சம். நடுவில் ஆடி வந்து போனதில் வேலை படுத்துவிட்டது. டிசம்பர் 15-ல் 9 லட்சம். கார்த்திகையில் ஒரு பெரிய இடத்துக்கு அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸும் கைமாறியது. தை முகூர்த்தத்தில் அது நாலரைக் கோடி ரூபாய்க்குக் கிரயமாகி, இரண்டு சதவீதக் கமிஷனாக 9 லட்சம் வந்தது. மார்ச் முடிவதற்குள் சில்லறை வேலைகளில் இன்னும் 2 லட்சம். ஆக, ஆண்டு முழுவதற்கும் 20 லட்சம்.

புதிய முறையில் அந்த ஆண்டு 12 லட்சம் வரையிலான தொழில் வருமானத்துக்கு, தள்ளுபடி போக, வரி ஒன்றும் இல்லை. 20 லட்சத்துக்கு வரி 2,00,000 ரூபாய். நான்கு சதவீத செஸ் சேர்த்தால் 2,08,000. இதில் ஒரு கட்டுமான நிறுவனம் கொடுத்த 4 லட்சம் ரூபாய்க் கமிஷனில் இரண்டு சதவீதம், அதாவது 8,000 ரூபாய், டி.டி.எஸ் பிடித்திருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் தனிநபர்கள், யாரும் பிடிக்கவில்லை. கட்ட வேண்டிய மிச்சம் சரியாக 2,00,000 ரூபாய்.

இப்போது ஜூன் 15-ல் அவர் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். கையில் 3 லட்சம். முந்தைய ஆண்டு மொத்தமே 9 லட்சம்தான். அதே வேகத்தில் போனால் 12 லட்சத்தைத் தொடாது, வரியே வராது. எந்த ஆடிட்டராக இருந்தாலும் அன்றைக்கு ‘கட்ட வேண்டியதில்லை’ என்றுதான் சொல்லியிருப்பார். செப்டம்பரிலும் அதே கதைதான். 5 லட்சத்தை வைத்துக்கொண்டு 20 லட்சத்தை யாரால் ஊகிக்க முடியும்?

ஆனால் வட்டிக் கணக்கு அப்படிப் பார்ப்பதில்லை. ஆண்டு முடிந்து, ரிட்டர்னில் வந்து நிற்கிற கடைசித் தொகையை அது எடுக்கும். அந்த 2,00,000 ரூபாயில் 15 சதவீதம் ஜூன் 15-ல் வந்திருக்க வேண்டும், 45 சதவீதம் செப்டம்பரில் வந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போய்ப் பிரிக்கும். தையில் கிரயமான இடத்தின் கமிஷனுக்கு உரிய வரியில் 15 சதவீதம், ஆனி முதல் தேதியிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். ரிட்டர்ன் நேரத்தில் இதைக் கேட்கிற யாருக்கும் கோபம் வரும்.

“ஏனுங்க சார், ஜூன் மாசம் இந்த ஏவாரம் முடியும்னு நான் கனவா கண்டேன்? வராத காசுக்கு வட்டி போடறது என்னங்க நியாயம்?” என்று தரகர் கேட்பார்.

“நியாயம் நீங்க சொல்றதுதானுங்க. ஆனா சட்டத்துல அதுக்கு இடமில்லையே” என்பதுதான் ஆடிட்டரின் பதிலாக இருக்கும்.

ஆடிட்டர் சொல்வது உண்மை. அதிகாரியிடம் போய் நின்றாலும் ஒன்றும் நடக்காது. இந்த வட்டிகள் கட்டாயம் விதிக்கப்பட வேண்டியவை என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் அஞ்சும் காஸ்வாலா வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது. ‘வருமானம் ஒழுங்காக வரவில்லை’ என்ற காரணத்துக்காக வட்டியைத் தள்ளிவிடும் அதிகாரம் கீழே இருக்கும் அதிகாரிக்குக் கிடையாது.

வட்டி இரண்டு வகை. தவணை தவறியதற்கு ஒன்று, ஆண்டு முடிந்தும் வரி பாக்கி நின்றதற்கு ஒன்று. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலாவது 234-சி, இரண்டாவது 234-பி. இரண்டுமே மாதத்துக்கு ஒரு சதவீதம், தனி வட்டி. இரண்டும் வேறு வேறு காலத்துக்கு ஓடுவதால் ஒன்றோடு ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மார்ச் வரைக்கும் முதலாவது, ஏப்ரல் 1-லிருந்து இரண்டாவது.

தவணை வட்டியை முதலில் பார்ப்போம். நம் தரகர் ஆண்டு முழுவதும் ஒரு பைசா கட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் தவணையில் குறைவு 30,000 ரூபாய். அதற்கு மூன்று மாத வட்டி 900 ரூபாய். செப்டம்பரில் 90,000 ரூபாய் குறைவு, மூன்று மாத வட்டி 2,700. டிசம்பரில் 1,50,000 ரூபாய் குறைவு, வட்டி 4,500. மார்ச் தவணைக்கு மட்டும் ஒரு மாதம்தான். 2,00,000 ரூபாய்க்கு 2,000. எல்லாம் சேர்த்தால் 10,100 ரூபாய். வரித் தொகை எதுவாக இருந்தாலும், நான்கு தவணையையும் முழுசாகத் தவறவிட்டவருக்கு இந்த வட்டி அதில் 5.05 சதவீதம்தான். அதற்கு மேல் போகாது.

இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெரிந்துவிடும். வருமானம் சீராக வராதவர்களில் பலர் ஜூன் மாதம்தான் அதிகம் தவிக்கிறார்கள். இப்போதே கணக்குச் சொல்லு என்றால் எப்படிச் சொல்வது என்று மலைத்துப்போய், பிறகு ஆண்டு முழுவதும் அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்துவிடுகிறார்கள். உண்மையில் ஜூன் ஊகம் முழுசாகத் தவறினாலும் இரண்டு லட்ச ரூபாய் வரிக்கு 900 ரூபாய்தான் போகிறது. டிசம்பர் தவறினால் அதைப்போல் ஐந்து மடங்கு. நான்கில் கனமானது டிசம்பர்தான்.

இன்னொரு விதத்திலும் டிசம்பர் முக்கியம். ஜூனில் இல்லாத தகவல் அப்போது கையில் இருக்கும். நம் தரகருக்குக் கார்த்திகையிலேயே அக்ரிமென்ட் போட்டாகிவிட்டது. தையில் கிரயம் ஆகும் என்பது ஏறக்குறைய உறுதி. டிசம்பர் 15 என்பது மார்கழி பிறக்கிற நேரம். எப்படியும் ஒரு மாதம் பத்திர வேலை மந்தம். உட்கார்ந்து கணக்குப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. இதுவரை வந்தது எவ்வளவு, பேச்சு முடிந்து பதிவுக்கு நிற்பது எவ்வளவு, அதில் முறிந்துபோக வாய்ப்புள்ளது எது என்று மூன்று வரி எழுதினால் போதும்.

நம் தரகர் அப்படி எழுதினார், 20 லட்சம் வரலாம் என்று தெரிந்தது, ஆனால் கையில் அவ்வளவு பணம் இல்லை. 1,50,000 கட்ட வேண்டிய இடத்தில் 60,000 கட்டினார். குறைவு 90,000, மூன்று மாத வட்டி 4,500-க்குப் பதில் 2,700 ஆனது. மார்ச் 15-க்குள் இன்னொரு 1,00,000 கட்டினார். மொத்தம் 1,60,000. மார்ச் தவணையில் 40,000 ரூபாய் குறைகிறது, அதற்கு ஒரு மாத வட்டி 400 ரூபாய். ஜூனும் செப்டம்பரும் போனது போனதுதான், 900-மும் 2,700-மும் அப்படியே இருக்கும். ஆக 6,700 ரூபாய்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. தவணை வட்டிக்கு, ஒரு நாள் தாமதமும் மூன்று மாதத் தாமதமும் ஒன்றே. செப்டம்பர் 15-ஐத் தவறவிட்டு 16-ஆம் தேதி கட்டினாலும் அந்தத் தவணைக்கு மூன்று மாத வட்டிதான். டிசம்பர் 14-ல் கட்டினாலும் அதேதான். ஆகவே கெடு நாளன்று சர்வர் திணறுகிறது, ஓ.டி.பி வரவில்லை என்று விட்டுவிடாமல் இரண்டு நாள் முன்னாலேயே கட்டிவிடுவது நல்லது. மாறாக, ஒரு தவணை தவறிப்போய்விட்டது என்றால் மறுநாளே பதறிக்கொண்டு கடன் வாங்கிக் கட்டுவதில் பயன் எதுவும் இல்லை. அடுத்த தவணை வரைக்கும் அந்தப் பணம் தொழிலில் ஓடட்டும்.

முதல் இரண்டு தவணைகளில் சட்டம் கொஞ்சம் தளர்வும் கொடுக்கிறது. ஜூனில் 15-க்குப் பதில் 12 சதவீதமும், செப்டம்பரில் 45-க்குப் பதில் 36 சதவீதமும் கட்டியிருந்தால் வட்டி கிடையாது. இரண்டு லட்ச ரூபாய் வரிக்கு ஜூனில் 24,000 கட்டியவர் தப்பித்தார். ஆனால் 23,000 கட்டியவருக்கு 1,000 ரூபாய்க்கு அல்ல, 30,000-லிருந்து குறைந்த 7,000 ரூபாய்க்கு வட்டி வரும். டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இந்தத் தளர்வு இல்லை.

அப்படியென்றால் ஜூனிலேயே தாராளமாகக் கட்டிவைத்துவிடலாமே என்று தோன்றும். சீராக வருமானம் வருகிறவருக்கு அது சரி. நம் தரகர் போன்றவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஜூனில் 24,000 கட்டி, பெரிய கிரயம் முறிந்துபோய், ஆண்டு 11 லட்சத்தோடு முடிந்தால் வரியே இல்லை. பணம் திரும்பி வரும், ஆனால் ரிட்டர்ன் போட்டு, அது பரிசீலனையாகி, அதன்பிறகு வரும். அரசு கொடுக்கும் வட்டி மாதத்துக்கு அரை சதவீதம். அதுவும் ஜூனிலிருந்து கணக்கில்லை. அடுத்த ஏப்ரல் 1-லிருந்துதான். நம்மிடம் வாங்கும்போது ஒன்று, நமக்குக் கொடுக்கும்போது அரை. கட்டாமல் விட்டால் அதிகபட்சம் 900 ரூபாய் நஷ்டம் என்ற நிலையில், வேலை படுத்துக் கிடக்கும் ஆடி மாதத்துக்குத் தேவைப்படும் 24,000 ரூபாயை முடக்குவது புத்திசாலித்தனம் ஆகாது. கையில் இருக்கிற வருமானத்துக்கு வரி வருமா என்று மட்டும் ஜூனில் பார்த்தால் போதும்.

இனி இரண்டாவது வட்டி. இதுதான் உண்மையில் பையைக் கரைப்பது. மார்ச் 31 முடியும்போது, டி.டி.எஸ் போகக் கட்ட வேண்டிய வரியில் 90 சதவீதமாவது கட்டியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், பாக்கித் தொகை முழுவதற்கும் ஏப்ரல் 1-லிருந்து மாதம் ஒரு சதவீதம் ஓட ஆரம்பிக்கும். மாதத்தில் ஒரு நாள் போனாலும் முழு மாதமாகக் கணக்கு. ஆண்டு முழுவதும் ஒன்றும் கட்டாமல், ஜூலை 20-ல் ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்டுகிறவருக்கு ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என்று நான்கு மாதம். இரண்டு லட்சத்துக்கு 8,000 ரூபாய். முன்பு பார்த்த 10,100-ஐயும் சேர்த்தால் 18,100.

மார்ச் 15-ல் 1,60,000 கட்டிய நம் தரகரின் நிலையைப் பாருங்கள். இரண்டு லட்சத்தில் 90 சதவீதம் 1,80,000. அவருக்கு இன்னும் 20,000 குறைகிறது. மார்ச் 15 போய்விட்டதே, இனி எல்லாம் ரிட்டர்ன் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், 40,000 ரூபாய் பாக்கிக்கு நான்கு மாத வட்டி 1,600 ரூபாய். ஆனால் மார்ச் 31 வரைக்கும் கட்டுகிற பணத்தையும் சட்டம் அட்வான்ஸ் டாக்ஸாகவே ஏற்றுக்கொள்கிறது. மார்ச் 28-ல் அவர் ஒரு 20,000 கட்டினார் என்றால் 1,80,000 ஆகிவிடும். 90 சதவீதக் கோட்டைத் தொட்டாயிற்று. மிச்சம் 20,000-ஐ அவர் ஜூலையில் கட்டினாலும் இரண்டாவது வட்டி ஒரு ரூபாய்கூட வராது. மார்ச் கடைசி வாரத்தில் கட்டிய இருபதாயிரம் 1,600 ரூபாயைக் காப்பாற்றிவிட்டது. மார்ச் 15-க்கும் 31-க்கும் இடைப்பட்ட அந்தப் பதினாறு நாட்களை வீணாக விடுகிறவர்கள்தான் அதிகம்.

கோட்டின் மேல் சரியாக நிற்கக் கூடாது, கொஞ்சம் தாண்டி நிற்க வேண்டும். ஏப்ரலில் கணக்கை முடிக்கும்போது மறந்துபோன வங்கி வட்டி ஒன்று வருமான விவரப் பட்டியலில் எட்டிப் பார்க்கும். பெட்ரோல் செலவு நினைத்ததைவிடக் குறைந்திருக்கும். வரி 2,00,000-லிருந்து 2,03,000 ஆனாலே 1,80,000 என்பது 90 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். பிறகு 23,000 ரூபாய் முழுவதற்கும் வட்டி ஓடும். 20,000 கட்டுகிற இடத்தில் 25,000 கட்டிவிட்டால் நிம்மதி.

மார்ச்சையும் தவறவிட்டவர் ரிட்டர்ன் படிவம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வருமானத்தைக் கூட்டிப் பார்த்த உடனே, ஏப்ரலிலேயே பாக்கியைக் கட்டிவிட்டால் ஒரு மாத வட்டியோடு போகும். ரிட்டர்ன் ஜூலையில் போட்டுக்கொள்ளலாம். வரி கட்டுவதும் ரிட்டர்ன் போடுவதும் ஒரே நாளில் நடந்தாக வேண்டிய காரியங்கள் என்ற எண்ணம் எப்படியோ எல்லோர் மனதிலும் பதிந்துபோயிருக்கிறது.

டி.டி.எஸ் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் மட்டும் பின்னோக்கிப் பார்க்கிற இந்த முறை நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. கட்டுமான நிறுவனம் பிடித்த 8,000 ரூபாய் பிப்ரவரியில் பிடிக்கப்பட்டிருந்தாலும், தவணைக் கணக்கில் அது முதலிலேயே கழிக்கப்படுகிறது. அதாவது ஜூன் தவணைக்கும் அது குறைந்துவிடும். ஆகையால் கமிஷன் கொடுக்கும் நிறுவனத்திடம் ‘டி.டி.எஸ் பிடிக்காமல் கொடுங்கள்’ என்று கெஞ்சுவது, வருமானம் சீராக வராதவருக்கு லாபமில்லாத வேலை. பிடித்த தொகை படிவம் 26-ஏ.எஸ்-ல் ஏறியிருக்கிறதா என்று ரிட்டர்ன் போடும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிடித்திருப்பார்கள் என்று நாமே நினைத்துக் கழித்துவிட்டு, அவர்கள் பிடிக்காமலே கொடுத்திருந்தால் அந்த அளவுக்கு நம் கணக்கில் குறைவு விழும்.

எந்த ஆண்டின் வருமானம் என்பதிலும் மார்ச் மாதக் கிரயங்கள் சிக்கல் தரும். மார்ச் 28-ல் பத்திரம் பதிவாகி, கமிஷன் ஏப்ரல் 10-ல் கைக்கு வந்தால் அது எந்த ஆண்டுக் கணக்கு? பணம் வந்தபோது எழுதும் முறையில் கணக்கு வைத்திருப்பவருக்கு அடுத்த ஆண்டு. வேலை முடிந்து, தொகை உரியதானபோதே எழுதும் முறையில் இருப்பவருக்கு இந்த ஆண்டு. இரண்டுக்கும் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் ஆண்டுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டிருக்க முடியாது. வருமானம் திட்டுத்திட்டாக வரும் தனிநபருக்கு முதல் முறையே பொருத்தமானது என்பது என் கருத்து. கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டக் கடன் வாங்கும் நிலை அதில் வராது.

கடன் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. இந்த வட்டி மாதம் ஒரு சதவீதம், ஆண்டுக்குப் பன்னிரண்டு. தொழில் செலவாக இதைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. கையில் பணம் சும்மா கிடக்கிறது என்றால், எந்த வைப்பு நிதியும் இதற்கு ஈடுகொடுக்காது. வரியைக் கட்டிவிடுவதே மேல். ஆனால் இரண்டு வட்டி, மூன்று வட்டிக்குக் கைமாற்று வாங்கி டிசம்பர் தவணை கட்டுவது வீண். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் கொடுத்து, ஒரு ரூபாயை மிச்சப்படுத்துவதாகிவிடும்.

திடீர் வருமானங்களில் சிலவற்றுக்குச் சட்டம் இரக்கம் காட்டுகிறது. இதே தரகர் தன் பெயரில் இருந்த ஒரு மனையைப் பிப்ரவரியில் விற்று லாபம் பார்த்தால், அந்த மூலதன ஆதாயத்துக்கு உரிய வரியை மிச்சமிருக்கும் மார்ச் தவணையில் கட்டினால் போதும். ஜூனில் ஏன் கட்டவில்லை என்று வட்டி கேட்காது. லாட்டரிப் பரிசு, பங்கு ஈவுத்தொகை, முதன்முதலாகத் தொடங்கிய தொழிலின் வருமானம் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். அவற்றை முன்கூட்டியே ஊகிக்க முடியாது என்பதுதான் காரணம். சொந்த மனையை விற்ற லாபத்தை ஊகிக்க முடியாது என்றால், அடுத்தவர் மனை விற்பதில் வரும் கமிஷனை மட்டும் எப்படி ஊகிக்க முடியும்? அமெரிக்க வரிச் சட்டத்தில், அந்தந்தக் காலப்பகுதியில் உண்மையில் சம்பாதித்ததை வைத்துத் தவணையைக் கணக்கிட்டுக் காட்ட ஒரு வழி இருக்கிறது. வருமானம் பின்பாதியில் வந்தவர் முன்பாதித் தவணைக்கு அபராதம் கட்ட வேண்டியதில்லை. இங்கேயும் அது வர வேண்டும். தரகர், மேடைப் பாடகர், பருவ காலத்தில் மட்டும் வேலையுள்ள ஒப்பந்தக்காரர் என்று பல லட்சம் பேருக்கு இது வெறும் நியாயம்தான், சலுகைகூட இல்லை. மூலதன ஆதாயத்துக்கு எழுதியிருக்கும் அதே இரண்டு வரிகளைத் தொழில் வருமானத்துக்கும் நீட்டினால் முடிந்தது.

கட்டும் முறை எளிது, ஆனால் ஒரு இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். வருமான வரி இணையதளத்தில் `e-Pay Tax` என்ற பகுதிக்குப் போய், பான் எண்ணும் கைபேசி எண்ணும் கொடுத்தால் ஓ.டி.பி வரும். அடுத்து மதிப்பீட்டு ஆண்டு கேட்கும். 2025-26-ல் சம்பாதித்ததற்கு `2026-27` என்று தேர்வு செய்ய வேண்டும். நடப்பு ஆண்டையே போட்டுவிட்டால் பணம் முந்தைய ஆண்டின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த ஆண்டுக்குத் தவணை கட்டாதவராகவே கணினி நம்மை நினைக்கும். அதன்பின் பணம் செலுத்தும் வகையில் `Advance Tax (100)` என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். ஏப்ரல் 1-க்குப் பிறகு கட்டும் பாக்கிக்கு `Self-Assessment Tax (300)`. கட்டியதும் வரும் சலானை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள வங்கிக் கிளைக் குறியீடு, சலான் எண், தேதி மூன்றும் ரிட்டர்னில் கேட்கப்படும். தேதியை வைத்துத்தான் எந்தத் தவணையில் எவ்வளவு வந்தது என்று வட்டி கணக்காகிறது.

2026 ஏப்ரல் 1 முதலான வருமானத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். அதில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. மதிப்பீட்டு ஆண்டு என்ற பேச்சே போய், சம்பாதித்த ஆண்டே வரி ஆண்டு என்றாகிவிட்டது. ஆண்டு மாறிப் பணம் கட்டுகிற குழப்பம் இதனால் குறையும். நான்கு தவணைத் தேதிகளும், 15, 45, 75, 100 என்ற அளவுகளும், மாதம் ஒரு சதவீத வட்டியும் பழையபடியே தொடர்கின்றன.

ரிட்டர்ன் போட்ட சில வாரங்களில் வருமான வரித் துறையிலிருந்து 143(1) அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். அதில் நாம் காட்டியது ஒரு பத்தியிலும், துறை கணக்கிட்டது அடுத்த பத்தியிலும் இருக்கும். பெரும்பாலானவர்கள் கடைசி வரியில் ரீஃபண்டா, பாக்கியா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். 234-பி, 234-சி என்ற இரண்டு வரிகளையும் தேடிப் பாருங்கள். நம் தரகருக்கு முதலாவதில் சுழியும் இரண்டாவதில் 6,700-ம் இருக்க வேண்டும். துறையின் பத்தியில் அதைவிட அதிகம் இருந்தால், ஏதோ ஒரு சலான் தவறான ஆண்டிலோ, தவறான வகையிலோ விழுந்திருக்கிறது, அல்லது ஒரு டி.டி.எஸ் தொகை கணக்கில் ஏறவில்லை. சலானைக் கையில் வைத்துக்கொண்டு இணையதளத்திலேயே திருத்தம் கேட்கலாம். டி.டி.எஸ் என்றால் பிடித்த நிறுவனத்திடம்தான் போய், அவர்கள் தாக்கல் செய்த படிவத்தைத் திருத்தச் சொல்ல வேண்டும்.